ஈரம் மேலிருந்து இறங்குகிறது

பழைய வீட்டுச் சுவரில் ஈரக் கறை என்று ஒருவர் படம் போட்டு வழி கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களில் ஒன்று:

“பழைய சுவரில் ஈரம் என்றாலே தரையிலிருந்து ஏறுவதுதான். சிமெண்ட் பூசினால் நின்றுவிடும்.”

இந்த வீட்டுக்கு அது பொருந்தாதுங்க. தரை ஈரம் பெரும்பாலும் மூன்று, நான்கு அடிக்குள் நின்றுவிடும். படத்தில் கறை கைப்பிடிச் சுவருக்கு அடியில் தொடங்கி, மழைநீர்க் குழாயை ஒட்டியே கீழே வருகிறது.

தாராபுரம் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டிலும் இதே கதைதான். மர உத்திரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டையான மெட்ராஸ் ஒட்டுக் கூரை, 500 சதுர அடி, தண்ணீர் வெளியேற ஒரே வாய். 50 மில்லிமீட்டர் மழைக்கே சுமார் 2,300 லிட்டர் சேரும். வாயை வேப்பஞ்சருகும் புறாக்கூடும் அடைத்திருந்தன. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீர் கைப்பிடிச் சுவரின் அடி வழியாகச் சுவருக்குள் இறங்கியது. வெளியே சிமெண்ட் பூச்சு, அதனால் சுவர் காயவே இல்லை. பூச்சைத் தட்டினால் பொக்கென்று சத்தம். உடைத்தபோது சுண்ணாம்புக் காரை மாவாகக் கொட்டியது. சுவருக்குள் செருகியிருந்த தேக்கு உத்திரத்தின் முனையில் ஆணி ஒரு விரற்கடை இறங்கியது.

‘குழாயை மாற்றுங்கள்’ என்ற அண்ணன் பாதி சரி. முதலில் வாயைச் சுத்தம் செய்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, எந்த இணைப்பில் கசிகிறது என்று பாருங்கள். குழாய் நல்லதாகவே இருக்கலாம்.

ஓட்டு வீட்டைப் பற்றிக் கேட்ட அக்கா, உங்களுடையது வேறு. நடு முற்றமான தொட்டிக்கட்டின் மூலையில் இரண்டு சரிவும் சேரும் தகரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது வாய் திறக்கலாமா? உத்திரங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.