ஒரே கோபுரத்தில் இரண்டு சிம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் மல்லாவிப் பக்கத்தில் எங்களில் பலர் கைத்தொலைபேசியில் இரண்டு நிறுவனங்களின் சிம்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று கைவிட்டால் மற்றது உதவும் என்பதுதான் கணக்கு. கடந்த மாரியில் ஒரு நாள் மின்சாரம் நின்று மூன்றரை மணித்தியாலம் போல கடந்தபோது, இரண்டு சிம்களும் ஒரே நிமிடத்தில் சேவையை இழந்தன. சந்தியில் ரீலோட் கடை வைத்திருக்கும் நண்பர், "ரெண்டு கொம்பனியும் சேர்ந்து எங்களப் பேய்க்காட்டுறாங்கள் அண்ணை" என்று கோபப்பட்டார். யாரும் பேய்க்காட்டவில்லை. அந்த இரண்டு நிறுவனங்களும் எங்கள் ஊரில் ஒரே கோபுரத்தில் இருக்கின்றன. ஒரே பற்றரி வரிசையில் ஓடுகின்றன. கோபுரப் பராமரிப்பு ஒப்பந்தகாரர் ஒருவரிடம் சில வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில், இந்தப் பகிர்வினால் எங்களைப் போன்ற சிறிய ஊர்கள் எதைப் பெறுகின்றன, எதை இழக்கின்றன என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில், எது பகிரப்படுகிறது என்பதில் தெளிவு வேண்டும். சாதாரணமான பகிர்வில் நிலம், வேலி, இரும்புக் கோபுரம், இடிதாங்கி, மின்சார இணைப்பு, பற்றரி, ஜெனரேற்றர் ஆகியவை பொதுவானவை. அலையை அனுப்பிப் பெறும் கருவிகளும் அன்ரனாக்களும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாலே இது விளங்கும். நீண்ட வெள்ளைப் பலகைகள் போன்ற அன்ரனாக்கள் மூன்று திசைகளை நோக்கி ஒரே உயரத்தில் வளையமாகக் கட்டப்பட்டிருக்கும். அத்தகைய வளையங்கள் எத்தனை என்று எண்ணினால், கோபுரத்தில் எத்தனை நிறுவனங்கள் குடியிருக்கின்றன என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். வட்டமான தட்டுகள் இருந்தால், அவை அடுத்த கோபுரத்துடன் பேசும் மைக்ரோவேவ் இணைப்புகள். தட்டே இல்லாத இடத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி இழைக் கேபிள் வந்திருக்கும்.

போட்டி நிறுவனங்கள் ஒரே கம்பத்தில் ஏன் தொங்குகின்றன என்பதற்கு விடை கணக்கில் இருக்கிறது. விளக்கத்துக்காக நானே இலக்கங்களை வைத்துக்கொள்கிறேன்; இவை எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. ஒரு கோபுரத்தின் நிலக் குத்தகை, தேய்மானம், காவல், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதத்துக்கு 100 பங்கு செலவு என்றும், நிறுவனமொன்றின் சொந்தக் கருவிகளுக்கும் அவை குடிக்கும் மின்சாரத்துக்கும் 50 பங்கு என்றும் கொள்வோம். ஊரில் 800 பாவனையாளர்கள் இருக்கிறார்கள். முதல் நிறுவனத்துக்கு 400, இரண்டாவதற்கு 250, மூன்றாவதற்கு 150. நூறு பேர் 45 பங்கு வருமானம் தருகிறார்கள். அப்படியானால் முதல் நிறுவனத்துக்கு வருவது 180. தனியாகக் கோபுரம் கட்டினால் செலவு 150. அதற்குக் கட்டுபடியாகும். இரண்டாவது நிறுவனத்துக்கு வருவது 112.5 தான். தனியாக வந்தால் நட்டம், எனவே வராது. நகரத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் அங்கே அதே 150 பங்குச் செலவைப் பல மடங்கு மக்கள் சுமக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது நிறுவனம் அதே கோபுரத்தில் ஏறட்டும். கூடுதல் அன்ரனாக்கள் காற்றைப் பிடிக்கும் என்பதால் கோபுரத்தைச் சற்று பலப்படுத்த வேண்டும். 100 என்பது 110 ஆகும். ஆளுக்கு 55, சொந்தக் கருவிக்கு 50, மொத்தம் 105. இரண்டாவது நிறுவனம் மயிரிழையில் தப்புகிறது. எங்கள் ஊருக்கு இரண்டாவது நிறுவனத்தின் 4ஜி வந்த கதை ஏறத்தாழ இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த இலக்கங்களின்படி மூன்றாவது நிறுவனம் இந்த வழியால்கூட வராது. மூன்று பேர் பகிர்ந்தால் கோபுரச் செலவு 120 ஆகி ஆளுக்கு 40 வீதம் விழுந்தாலும், சொந்தக் கருவிக்கான 50 அப்படியே நிற்கிறது. மொத்தம் 90, வருமானமோ 67.5 தான். "ரவர் நிக்குது, என்ரை சிம் மட்டும் ஏன் வேலை செய்யுதில்லை" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். கோபுரத்தைப் பகிர்வது இரும்பின் செலவைக் குறைக்குமே தவிர, கருவியின் செலவைத் தொடாது. அதையும் குறைக்க வேண்டுமானால் கருவியையே பகிர வேண்டும்: ஒரே அன்ரனாவும் ஒரே கருவியும் இரண்டு நிறுவனங்களின் பெயரையும் ஒலிபரப்ப, அழைப்பும் தரவும் பின்னால் அவரவர் வலையமைப்புக்குப் பிரிந்து போகும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படிச் சேர்ந்தால், கோபுரத்தின் கண்ணுக்கு அவை இருவரும் ஒரே குடியிருப்பாளர்தான். கோபுரப் பங்கு 55, சற்றுப் பெரிய கருவிக்கு 60, மொத்தம் 115. அதை இருவரின் 180 தாங்கும். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடையில்லை. தடையாக இருப்பது, தன் சேவையின் தரம் போட்டியாளனின் கையில் இருப்பதை எந்த நிறுவனமும் விரும்புவதில்லை என்பதுதான்.

கோபுரத்தைக் கட்டிய முதல் நிறுவனத்தின் மனநிலையையும் கவனிக்க வேண்டும். பகிர்ந்தால் அதன் செலவு 150 இலிருந்து 105 ஆகக் குறைகிறது என்பது உண்மை. ஆனால் வேறு வழியில்லாமல் அதன் சிம்மை வைத்திருந்தவர்கள் இனி மற்றதுக்கு மாறலாம். ஆகவே அது இடம் கொடுப்பதை இழுத்தடிக்கக்கூடும். கோபுரங்களை மட்டும் வைத்து வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கு நோக்கம் நேர்மாறானது. குடியிருப்பாளர் கூடக் கூட அவர்களுக்கு இலாபம். இலங்கையில் அப்படி இயங்கும் எடொட்கோ, டயலொக்கின் தாய்க்குழுமமான அக்சியாட்டாவைச் சேர்ந்தது. இதற்கிடையில் குடியிருப்பாளர்களே குறைந்து வருகிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரு காலத்தில் ஐந்து நிறுவனங்கள் இருந்தன. 2018 இல் ஹட்ச் எடிசலாற்றுடன் இணைந்தது. 2024 இல் எயார்டெல் டயலொக்கிடம் போனது. மீதி மூன்று. செலவைப் பங்கிட ஆட்கள் குறைந்திருக்கிறார்கள்.

பகிர்வினால் சிக்னல் எல்லையும் மாறுகிறது. ஆனால் நாங்கள் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல. முன்பு ஒரு நிறுவனத்தின் கோபுரம் சந்தைப் பக்கமும், மற்றதன் கோபுரம் குளத்து வீதியிலும் இருந்தால், ஒன்றின் இருட்டை மற்றது நிரப்பியது. இரண்டும் சந்தைக் கோபுரத்துக்கு இடம்மாறினால், சந்தையில் இரண்டும் நன்றாக எடுக்கும். குளத்துக்கு அப்பால் வயலில் இரண்டுமே எடுக்காது. நிறுவனங்களின் வரைபடத்தில் ஊர் முழுவதும் நிறம் பூசப்பட்டிருக்கும்; அறுவடை நேரத்தில் வயலில் நின்று இயந்திரக்காரருக்கு அழைப்பு எடுக்கிறவருக்கு அந்த நிறம் உதவாது. பின்னால் வந்தவருக்கு உயரமும் குறைவு. 40 மீற்றர் கோபுரத்தின் உச்சியை முதலாமவர் பிடித்திருந்தால், மற்றவர் சில மீற்றர் கீழே இறங்கித்தான் கட்ட வேண்டும். ஊருக்குள் அந்த வித்தியாசம் தெரியாது. பனங்கூடல்களுக்குப் பின்னால், எல்லையோரத்து வீடுகளில்தான் தெரியும்.

எனக்கு மிகவும் கவலை தருவது பற்றரி. கோபுரக் கருவிகள் 48 வோல்ற்று நேர்மின்னோட்டத்தில் ஓடுகின்றன. 600 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரி வரிசை ஒன்று இருக்கிறது என்று வைப்போம். 48 ஐ 600 ஆல் பெருக்கினால் 28.8 கிலோவாற்று-மணி. ஈயப் பற்றரியை அடிவரை வடிய விட்டால் அது விரைவில் செத்துவிடும் என்பதால், அதில் 70 வீதத்தைப் பாவிக்கலாம் என்று கொண்டால் மிஞ்சுவது ஏறத்தாழ 20. ஒரு நிறுவனத்தின் கருவிகள் 2 கிலோவாற்று இழுத்தால் 10 மணித்தியாலம் தாங்கும். இரண்டு நிறுவனங்கள் என்றால் 5 மணித்தியாலம். மூன்று என்றால் 3 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அதுவும் புதிய பற்றரியில். வேகமாக மின்னை இழுக்கும்போது ஈயப் பற்றரி இன்னும் குறைவாகவே தரும், எங்கள் வெயிலில் அதன் ஆயுளும் சுருங்கும். குடியிருப்பாளர் கூடும்போது பற்றரியைக் கூட்டாவிட்டால், வாடகை மிச்சமாவதற்காக ஊர் மணித்தியாலங்களைக் கொடுக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அமுலில் இருந்து, ஜெனரேற்றருக்கு டீசலும் கிடைக்காமல் இருந்தபோது இந்தக் கணக்கை வாழ்ந்தே பார்த்தோம்.

சேவை நின்றால் பழுது எங்கே என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு சிம்களும் ஒரே நேரத்தில் முற்றாகப் போனால், பொதுவான பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். அதுவும் மின்சாரம் நின்று சில மணித்தியாலத்தின் பின் என்றால் பெரும்பாலும் பற்றரிதான். ஒன்று மட்டும் போனால், அந்த நிறுவனத்தின் கருவியோ, கோபுரத்தை வலையமைப்புடன் இணைக்கும் அதன் பின்னிணைப்போ பழுது. கடும் மழையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கத் தரவு மட்டும் தவழ்ந்து, மழை விட்டதும் தேறினால், மைக்ரோவேவ் இணைப்பு மழையில் தளர்ந்திருக்கிறது. மழையே இல்லாமல் ஒவ்வொரு நாளும் இரவு ஏழு மணி தொடக்கம் பத்து மணி வரை மட்டும் தவழ்ந்தால் அது பழுதல்ல, நெரிசல். அதைக் கோபுரப் பகிர்வு குணப்படுத்தாது, அந்த நிறுவனம் தன் கருவியைத்தான் பெருப்பிக்க வேண்டும். முறைப்பாடு செய்யும்போது "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த நேரம், எத்தனை சிம், மின்சாரம் இருந்ததா என்று சொன்னால் வருகிறவர் சரியான பெட்டியைத் திறப்பார். இல்லாவிட்டால் அவர் வந்து சேர்வதற்குள் மின்சாரம் வந்துவிடும், எல்லாம் ஓடும், "பழுதில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

நான் பகிர்வுக்கு எதிரானவன் அல்ல. அது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் இன்றும் ஒரே நிறுவனம்தான் இருந்திருக்கும். ஆனால் புதிய குடியிருப்பாளர் ஏறும் ஒவ்வொரு முறையும், மின்சாரம் இல்லாமல் இத்தனை மணித்தியாலம் தாங்க வேண்டும் என்ற அளவு, கோபுரத்திலுள்ள அனைவரையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதை நிபந்தனையாக்க வேண்டியது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கேட்க வேண்டியவர்கள் நாங்கள். பிரதேச சபைக்கு எழுதும் கடிதங்களில் புதிய கோபுரம் வேண்டும் என்று கேட்கிறோம். இருக்கும் கோபுரத்தின் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று கேட்டதாக நான் அறியவில்லை.

கடந்த கிழமை அந்தக் கோபுரத்தில் மூன்றாவது வளையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இரண்டு பொடியள் கயிற்றில் தொங்கியபடி அன்ரனாவைத் திசை பார்த்துத் திருப்பினார்கள். நான் வேலியோரம் போய் நின்று கீழே இருந்த பற்றரிப் பெட்டிகளை எண்ணினேன். முன்பு இருந்த அதே ஒன்றுதான் இருந்தது.