துணி ஆலை மூடினால் மற்ற ஆலையிலும் கூலி இறங்கும்

"வெளிநாட்டுத் துணி வந்தால் துணி ஆலைத் தொழிலாளிக்குத்தானே நட்டம்? மற்ற தொழிலாளிக்கு என்ன?"

அவருக்கும் நட்டம்தான். அமெரிக்கா போல மூலதனம் மிகுந்த நாட்டில் ஒரு துணி ஆலை மூடுகிறது என்று வையுங்கள். 100 ஆட்களும் 20 இயந்திரங்களும் வெளியே வருகின்றன. வளர்ந்துவரும் விமானத் தொழிலோ 20 இயந்திரத்துக்கு 10 பேரைத்தான் கேட்கும். மீதி 90 பேரும் வேலை தேடும்போது கூலி எல்லா இடத்திலும் இறங்கும். ஆள் மலிந்ததும் ஒவ்வொரு ஆலையும் ஒரு இயந்திரத்துக்குக் கூடுதல் ஆள் வைக்கும். அப்போது கடைசி ஆள் சேர்க்கும் உற்பத்தி குறைகிறது, அதுதான் கூலியைத் தீர்மானிக்கிறது. அதனால் துணி மலிவானாலும் கூலியின் வாங்கும் சக்தி சரியும், மூலதனத்தின் வருவாய் ஏறும். பொருளியலாளர்கள் ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் 1941-இல் காட்டியது இதைத்தான். ஆள் மிகுந்த நாட்டில் நேர்மாறாக நடக்க வேண்டும்.

ஆனால் மெக்சிகோவில் அப்படி நடக்கவில்லை. நாடுகளுக்கிடையே வணிகத் தடைகளைக் குறைக்கும் காட் ஒப்பந்தத்தில் 1986-இல் சேர்ந்த பிறகு, அங்கே திறன் குறைந்தவர்களின் கூலி மற்றவர்களைவிடப் பின்தங்கியது. ஒரு முக்கியக் காரணம், அதுவரை இறக்குமதி வரி அதிகம் காத்து வந்தது அவர்கள் வேலை பார்த்த ஆடைத் தொழில் போன்றவற்றைத்தான். வரி இறங்கியதும் அந்தப் பொருள்களின் விலைதான் அதிகம் விழுந்தது.