நாற்பது பாட், பன்னிரண்டு பார்ட்டிஷன், ஒரு மேனேஜர்

"லேக் ஏறுதுப்பா, பாட் ஏத்துங்க."

இந்த நான்கு சொல்லை இனிமேல் யாராவது என் காதில் போட்டால் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவதாக இருக்கிறேன். நேற்று ராத்திரி 11:40. காஃப்காவோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்வேன். சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். காஃப்கா என்பது மெசேஜை வரிசையில் வைத்து எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். லேக் என்றால் அதில் எடுக்கப்படாமல் தேங்கி நிற்கும் மெசேஜ் எண்ணிக்கை. பாட் என்றால் அதை எடுக்கிற புரோகிராமின் ஒரு பிரதி.

ஆர்டர் மெசேஜெல்லாம் வந்து சேரும் எங்கள் டாபிக்குக்குப் பன்னிரண்டு பார்ட்டிஷன், அதாவது பன்னிரண்டு தனி வரிசை. அதைப் படிக்கப் பன்னிரண்டு கன்ஸ்யூமர், பாட்டுக்கு ஒன்று. ஆர்டர் உறுதியானது, பொட்டலம் கட்டியாச்சு, கிளம்பியாச்சு என்று ஒவ்வொன்றுக்கும் எஸ்எம்எஸ் அனுப்புவதுதான் வேலை. கன்ஸ்யூமர் ஒரு மெசேஜை எடுக்கும், எஸ்எம்எஸ் கேட்வேயைக் கூப்பிடும், பதில் வந்ததும் அடுத்ததை எடுக்கும். கேட்வே வழக்கமாக 30 மில்லி செகண்டில் பதில் சொல்லும். அப்படியென்றால் ஒரு கன்ஸ்யூமர் செகண்டுக்கு 33, பன்னிரண்டும் சேர்ந்து 400. கூட்டமான நேரத்தில் உள்ளே வருவது 350. பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று ராத்திரி 9:10க்கு அந்த 30, 40 ஆனது. அவ்வளவுதான். எதுவும் விழவில்லை, எந்த எர்ரரும் இல்லை, டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. ஆனால் 400 இப்போது 300. வருவது 350, போவது 300, செகண்டுக்கு 50 மெசேஜ் தேங்குகிறது. இரண்டரை மணி நேரத்தில் நாலரை லட்சம்.

அலர்ட் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது! 9:14க்கே வந்தது! லேக் பத்தாயிரம் தாண்டினால் அடிக்கும்படி எந்த மகானுபாவரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தினமும் சாயந்திரம் தள்ளுபடி அறிவிப்பு போகும்போதும் அது பத்தாயிரம் தாண்டும், அரை மணியில் வடிந்துவிடும். அதனால் அந்த அலர்ட்டை எல்லாரும் மியூட் செய்து வருஷம் ஒன்றாகிறது. பத்தாயிரம் என்றால் என்ன? செகண்டுக்கு 300 ஓடுகிற இடத்தில் அரை நிமிட வேலை. செகண்டுக்கு ரெண்டு ஓடுகிற இடத்தில் ஒன்றரை மணி நேரம். வெறும் எண்ணிக்கையை வைத்து உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த பார்ட்டிஷனில், வரிசையில் முதலில் நிற்கும் மெசேஜ் எத்தனை நிமிஷமாக நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? நேற்று அது 21 நிமிஷம். டெலிவரி தம்பி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன பிறகு, "உங்கள் ஆர்டர் பேக் செய்யப்படுகிறது" என்று எஸ்எம்எஸ்.

சரி, 11:40க்கு வருவோம். கான்ஃபரன்ஸ் காலில் பதினேழு பேர். மேனேஜர் கேட்கிறார்: "எத்தனை பாட் ஓடுது?" பன்னிரண்டு என்கிறேன். "பட்ஜெட் இருக்கு, நாற்பது ஆக்கிடுங்க."

சார், பார்ட்டிஷன் பன்னிரண்டுதான் சார். ஒரு கன்ஸ்யூமர் குரூப்புக்குள் ஒரு பார்ட்டிஷனை ஒரே நேரத்தில் ஒரு கன்ஸ்யூமர்தான் படிக்க முடியும் சார். டோல்கேட்டில் பன்னிரண்டு லேன், லேனுக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஒரு ஆள். மீதி இருபத்தெட்டு பேரைக் கூட்டிவந்தால் ஓரமாக நின்று டீதான் குடிப்பார்கள் சார்.

"புரியுது. இருந்தாலும் நாற்பது ஆக்கிப் பார்க்கலாமே?"

ஆக்கினேன். பாட் இரண்டிரண்டாக எழுந்தது. எங்கள் குரூப் இன்னும் பழைய முறை ரீபேலன்ஸில் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் எல்லாரும் கையிலிருக்கும் பார்ட்டிஷனைக் கீழே போட்டுவிட்டு மறுபடி பங்கு பிரிக்க உட்கார வேண்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து செகண்ட். அப்படிப் பதினான்கு தடவை! ஒருவரும் ஒரு மெசேஜும் தொடாமல் மூன்றரை நிமிஷம். அதற்குள் இன்னொரு எழுபதாயிரம் சேர்ந்தது. முடிந்தது என்று காஃப்காவில் பதியாமல், அதாவது கமிட் ஆகாமல், பாதியில் விட்டதெல்லாம் மறுபடி ஓடியதால் சிலருக்கு ஒரே எஸ்எம்எஸ் மூன்று முறை போனது. அவசரத்துக்கு உதவியது நாங்கள், பாருங்கள்.

பிறகு இதை ஓட்டி ஸ்கிரீன் ஷேர் செய்தேன்:

```
kafka-consumer-groups.sh --bootstrap-server localhost:9092 \
  --describe --group order-sms --members
```

கடைசியில் `#PARTITIONS` என்று ஒரு பத்தி வரும். பன்னிரண்டு வரியில் 1. இருபத்தெட்டு வரியில் 0. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று நானே வாய்விட்டுப் படித்தேன். காலில் ஒரு நிமிஷம் நிசப்தம்.

"அப்போ பார்ட்டிஷனை 24 ஆக்கிடுங்க."

நான் ஆக்கமாட்டேன் என்றேன். வேறு யாரோ ஆக்கினார்கள். மெசேஜின் கீயான ஆர்டர் எண்ணை ஹாஷ் செய்து, அதாவது வேறொரு எண்ணாக மாற்றி, பார்ட்டிஷன் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதிதான் மெசேஜ் போய்ச் சேரும் இடம். பன்னிரண்டு இருபத்துநான்கு ஆனால், நேற்று வரை 3-க்குப் போன ஆர்டர் இனி 3-க்கே போகலாம், 15-க்கும் போகலாம். தேங்கியிருக்கும் ஐந்து லட்சமோ இம்மியும் நகராது, அதே பழைய பன்னிரண்டில்தான் கிடக்கும். புது மெசேஜில் பாதி காலியான புது லேனில் ஜம்மென்று பறக்கும். விளைவு? "ஆர்டர் உறுதியானது" 3-இல் அரை மணி வரிசையில் நிற்கிறது, அதே ஆர்டரின் "ரத்து செய்யப்பட்டது" 15 வழியாக உடனே போய்விடுகிறது. ரத்தான ஆர்டர் அரை மணி கழித்து உறுதியாகிறது! வாடிக்கையாளர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இதில் கொடுமை என்னவென்றால் லேக் கிராஃப் இறங்கத் தொடங்கியது. உண்மையாகவே அழகாக இறங்கியது. மேனேஜர் கட்டைவிரல் படம் போட்டார். லேக் இறங்கினால் நோய் குணமாம்! அந்தப் பக்கம் வாடிக்கையாளர் சேவையில் புகார் ஏறிக்கொண்டிருந்தது, அதற்கு எங்கள் டாஷ்போர்டில் கிராஃப் கிடையாது. 24-ஐத் திரும்பப் பன்னிரண்டாக்கவும் வழி இல்லை. காஃப்காவில் பார்ட்டிஷனைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

ஆறு மாசத்துக்கு முன்பே டிக்கெட் போட்டிருந்தேன். கேட்வே பதில் சொல்லும் வரை கன்ஸ்யூமர் செய்வது வெறும் காத்திருப்பு. கன்ஸ்யூமருக்குள்ளேயே ஒரே நேரத்தில் ஓடும் எட்டு த்ரெட் வையுங்கள், ஆர்டர் எண்ணை வைத்துப் பிரித்து ஒரு ஆர்டரின் மெசேஜ் எப்போதும் ஒரே த்ரெட்டுக்குப் போகட்டும், வரிசை கெடாது. கமிட் மட்டும் கவனம்: நூறாவது முடிந்து தொண்ணூற்றெட்டு முடியாமல் இருந்தால் தொண்ணூற்றேழு வரைதான் முடிந்ததாகக் கணக்கு. இல்லாவிட்டால் பாட் செத்தால் தொண்ணூற்றெட்டு காணாமல் போய்விடும். பாட்டும் கூட்ட வேண்டாம், பார்ட்டிஷனையும் தொட வேண்டாம். கேட்வேக்காரன் அனுமதிக்கும் அளவு வரை எட்டு மடங்குக்குப் பக்கத்தில் ஓடும்.

அந்த டிக்கெட் இன்னும் பேக்லாக்கில். அதன் லேக் ஆறு மாசம். அதற்கு அலர்ட் இல்லை.

விடிகாலை மூன்றுக்குத் தேங்கியதெல்லாம் வடிந்தது. எங்கள் சாமர்த்தியம் இல்லை, ஊர் தூங்கிவிட்டது. காலையில் மெயில்: "விரைவான ஸ்கேலிங் நடவடிக்கைக்கு நன்றி." நாற்பது பாட்டும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது, "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்றார்களாம். சிரிப்பு வந்துவிட்டது, உண்மையாகவே தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் கண் அசரலாம் என்று படுத்தால் மாடி வீட்டில் டிரில்லிங். மூன்று மாசமாக ஒரே சுவர். அப்படி என்னதான்யா மாட்டுகிறீர்கள் அதில்?