நல்ல நாளுக்கும் ஓர் உச்சவரம்பு

நிமோனியா வந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தவள் நான். அதற்கு முன் ஏழு வருடமாகத் தினமும் ஐம்பது நிமிடம் வேகமாக நடப்பேன். மருத்துவர் "இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம்" என்று சொன்ன மறுநாளே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். 'கொஞ்சம்' என்று நான் நினைத்துக்கொண்டது இருபத்தைந்து நிமிடம், அதாவது பழையதில் பாதி. நடக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அன்று இரவும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மதியம் கை கால் ஓய்ந்துபோய்ப் படுத்தவள், மூன்று நாள் எழவில்லை. தெம்பு வந்ததும் மறுபடி போனேன், இந்த முறை இருபது நிமிடம். மறுபடியும் படுக்கை. அந்த ஒரு மாதத்தில் மூன்று முறை இப்படி ஆனது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், நடந்தது மொத்தம் ஒரு மணி நேரம் சொச்சம், அதற்காகப் படுத்துக் கிடந்தது பத்து நாள்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்தேன். இளைஞர்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த மாதத்திலேயே உங்களுக்கு ரொம்ப மோசமாக இருந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள் மேடம். அன்றைக்கு எவ்வளவு நடந்திருப்பீர்கள்?" யோசித்துப் பார்த்தேன். கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று நிமிடம் நடந்திருப்பேன். "அப்போ அதுதான் உங்கள் அளவு. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது நிமிடம் நடந்தவளுக்கு மூன்று நிமிடமா? ஆனால் அந்த அளவு ஏன் சரி என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். அன்றைக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் என்னைச் சுற்றி நோயிலிருந்து எழுந்த பலர் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

படுத்தே கிடக்கும்போது உடலுக்கு என்ன ஆகிறது என்பதை நாம் குறைவாகவே எடைபோடுகிறோம். 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உழைக்கும்போது அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் உச்ச அளவு கால்வாசிக்கும் மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. அவர்களுக்கு நோயே கிடையாது, சும்மா படுத்திருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அதே மூன்று வாரம், கூடவே நுரையீரல் தொற்றும் காய்ச்சலும், வயதும் இருபதில்லை.

படுத்த முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் நெஞ்சு படபடப்பது இதனால்தான். தசைகளில் முதலில் இளைப்பவை நம்மை நிமிர்த்தி நிறுத்தும் தொடையும் கெண்டைக்காலும். ஆனால் மனதுக்கு இது எதுவும் தெரியாது. அது பழைய ஐம்பது நிமிடத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அதில் பாதியைச் 'சின்ன இலக்கு' என்று சொல்கிறது. அதனால்தான் அளவை எடுக்க வேண்டியது பழைய நல்ல நாளிலிருந்து அல்ல, இப்போதைய மோசமான நாளிலிருந்து.

எனக்குக் கிடைத்த திட்டம் இதுதான். தினமும் மூன்று நிமிடம் கூடத்தில் நடப்பது. முழு வாக்கியம் ஒன்றை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். அப்புறம், நாற்காலியிலிருந்து இரண்டு முறை எழுந்து உட்காருவது.

இந்த எழுந்து உட்காருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே தொடையைத் திரும்பப் பெற இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் நகர்ந்துவிடும். இருக்கையின் முன்பகுதிக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் வைத்து, முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். எழுவதைவிட உட்காருவதுதான் முக்கியம். மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்க வேண்டும். முதல் நாள் நான் 'இரண்டு' என்று எண்ணும்போதே தொப்பென்று விழுந்தேன். தொடைக்கு அந்தக் கடைசி ஒரு சாண் தூரத்தைத் தாங்கும் பலம் இல்லை. அவர் கடினமான குஷன் ஒன்றை இருக்கையில் வைத்து உயரத்தைக் கூட்டினார், கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளவும் அனுமதித்தார். குஷனை எடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

சரி, இலக்கு சின்னதாகிவிட்டது. என் கருத்தில், பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்தான். 'குறைந்தது மூன்று நிமிடம்' என்று வைத்துக்கொண்டால், தெம்பாக இருக்கும் நாளில் பதினைந்து நிமிடம் போய்விடுவோம். ஆகவே எனக்கு உச்சவரம்பும் இருந்தது. மூன்று நிமிட வாரத்தில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடையாது. முதல் வாரத்தின் ஐந்தாம் நாள் காலையில் உடம்பு லேசாக இருந்தது. வெளியே போய்விட்டு வரலாமே என்று கால் துறுதுறுத்தது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தி உட்கார்ந்தது எனக்கு அந்த மாதத்திலேயே கடினமான வேலை. நோய்க்குப் பின் வரும் சோர்வு பலருக்கு உடனே தெரியாது, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் வரும். நடக்கும்போது நன்றாக இருந்தது என்பதை வைத்து அளவைக் கூட்டினால், பதில் வருவதற்குள் அடுத்த தப்பையும் செய்திருப்போம். அதனால் ஒவ்வோர் உயர்வுக்குப் பிறகும் இரண்டு முழு நாள் காத்திருந்து பார்ப்பேன். வாரம் ஒரு நிமிடத்துக்கு மேல் கூட்டவில்லை. நான்காம் வாரம் கூட்டவே இல்லை.

அந்த இரண்டு நாளில் எதைப் பார்க்க வேண்டும்? தொடையில் தொட்டால் வலிக்கிறது, படி இறங்கும்போது பிடிக்கிறது என்றால் அது தசை வலி. பழக்கமில்லாத வேலைக்குப் பின் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வந்து தானே போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது, தூங்கி எழுந்தாலும் தெம்பு இல்லை, தலை மந்தமாக இருக்கிறது என்றால் அளவு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். காலையில் எழுவதற்கு முன்னால் படுத்தபடியே மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடியும் எண்ணுவேன். எனக்கு வழக்கமாக 68 இருக்கும். 78-ஐத் தாண்டினால் அன்றைக்கு மூன்று நிமிடம் மட்டும்தான். இது என் உடம்புக்கான எண். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி இப்படிக் காட்டிக்கொடுக்காது.

இன்னொரு விதி, தவறவிட்ட நாளைப் பற்றியது. தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று எண்ணுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். நோயிலிருந்து எழுந்தவரின் சங்கிலி அறுந்தே தீரும், அறுந்த அன்றே மனமும் விட்டுப்போகும். லண்டனில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் தானாக வரும் நிலையை அடைய நடுமதிப்பாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு அதைவிட மிக நீண்ட காலம். எனக்கு மிகவும் பிடித்த தகவல் வேறு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. அதனால் நான் காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு வட்டம் போடுவேன், செய்யாத நாளை வெறுமையாக விடுவேன், பெருக்கல் குறி போடுவதில்லை. விட்டதை மறுநாள் சேர்த்துச் செய்வதும் கிடையாது. நேற்றைய மூன்றையும் இன்றைய மூன்றையும் சேர்த்து ஆறாக நடந்தால், தவறவிட்டதற்கு உடம்பைத் தண்டிக்கிற மாதிரி.

ஏழாம் வாரத்தில் இந்த விதிகளுக்குச் சோதனை வந்தது. ஏழு நிமிடத்தை எட்டியிருந்தபோது சளியும் காய்ச்சலும் பிடித்து ஆறு நாள் போனது. பழைய நானாக இருந்தால், 'எல்லாம் போச்சு' என்று விட்டிருப்பேன், இல்லையென்றால் காய்ச்சல் விட்ட அன்றே ஏழு நிமிடத்தில் போய் நின்றிருப்பேன். இந்த முறை விதி தயாராக இருந்தது: மூன்று நாளுக்கு மேல் விட்டால், விட்ட அளவில் பாதியில் தொடங்க வேண்டும். காய்ச்சல் இறங்கி ஒரு முழு நாள் கழித்து மூன்றரை நிமிடம் நடந்தேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டி, ஒன்பதாம் வாரத்தில் மறுபடி ஏழு. உடம்பு ஏற்கெனவே தொட்ட அளவுக்குத் திரும்பும்போது மட்டும் இப்படிக் கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார்.

இது எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று நிமிடமே ஒவ்வொரு முறையும் படுக்கையில் தள்ளுகிறது, வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்றால், வாராவாரம் கூட்டும் திட்டமே அவர்களுக்குக் கெடுதல் செய்யலாம். நாள்பட்ட சோர்வு நோய்க்கு இப்படிப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ் 2021-இல் மாற்றி எழுதியது. அந்த நோய் உள்ளவர்கள் இருக்கிற சக்திக்குள் அன்றாட வேலைகளை நடத்தத்தான் பழக வேண்டும். அதேபோல நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு, உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையையே அழற்சியாக்கிவிடும். அவர்கள் மாதக்கணக்கில் கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

இப்போது 21-ஆம் வாரம். பத்து நிமிடத்தைத் தாண்டிய பிறகு வாரம் இரண்டு நிமிடம் வீதம் கூட்டி, 28 நிமிடத்தில் நிற்கிறேன். நாற்காலியிலிருந்து குஷன் இல்லாமல், கை ஊன்றாமல் பன்னிரண்டு முறை எழுகிறேன். குறைந்தபட்சத்தை மட்டும் மாற்றவில்லை. போன செவ்வாய்க்கிழமை நாடி 80 இருந்தது. கூடத்திலேயே மூன்று நிமிடம் நடந்தேன், இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன், காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.