கையைத் தூக்காத சட்டை

தம்பி: அக்கா, நாளை மறுநாள் அலுவலகக் கூட்டத்துக்கு அணிய என்னிடம் இருப்பது இந்த ஒரே வெள்ளைச் சட்டைதான். ஆனால் இது வெள்ளைச் சட்டை என்று நான் வாய்விட்டுச் சொன்னால்தான் பிறருக்குத் தெரிகிறது.

அக்கா: காலர் பழைய காகிதம் போலவும் அக்குள் மஞ்சள் பூசியது போலவும் இருக்கின்றன. இதுவரை என்ன வைத்தியம் செய்தாய்? ஒன்றையும் ஒளிக்காமல் சொல்.

தம்பி: முதலில் கொதிக்கும் நீரில் போட்டேன். கறை அசையவில்லை. பிறகு குளோரின் பிளீச்சை அப்படியே கறைமேல் ஊற்றினேன். அது முன்பைவிட ஆழ்ந்த மஞ்சளாகியது. சூட்டுக்குப் பயந்து ஓடிவிடும் என்று நினைத்து இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். கடைசியில் நீலம் போட்டேன்.

அக்கா: கறையைப் போக்க வேண்டியவன் அதற்குக் குடியிருப்பு உரிமையே எழுதிக் கொடுத்திருக்கிறாய். வியர்வையில் புரதமும் இருக்கிறது. முட்டை வெந்தால் இறுகுவதுபோல அதுவும் கொதிநீரில் இழையோடு இறுகிவிடும். குளோரின் பிளீச் அந்தப் புரதத்தோடு சேர்ந்தால் மஞ்சளைக் கூட்டிவிடும். இஸ்திரியின் சூடு மிச்சத்தையும் பதிய வைத்திருக்கும். நீலம் கெடுதல் செய்யாது, ஆனால் அது கறையை எடுப்பதில்லை, நம் கண்ணைத்தான் ஏமாற்றுகிறது.

தம்பி: என் கண்ணை ஏமாற்றினால்கூடப் போதும் என்றுதான் போட்டேன், அதுவும் நடக்கவில்லை.

அக்கா: காலரில் இருப்பது பெரும்பாலும் கழுத்துத் தோலில் சுரக்கும் எண்ணெய். அது துணியில் தங்கி, காற்றுப்பட்டு நாளடைவில் மஞ்சளாகிறது. அக்குளில் கதை வேறு. வியர்வையை அடக்க நீ தடவிக்கொள்ளும் பொருளில் அலுமினிய உப்பு இருக்கிறது. அது வியர்வையோடும் எண்ணெயோடும் சேர்ந்து படிகிறது. தொட்டுப் பார், அந்த இடம் மட்டும் அட்டை போல விறைப்பாக இருக்கிறது அல்லவா?

தம்பி: ஆமாம், மடித்தால் மடிப்பு அப்படியே நிற்கிறது. நல்ல துணி என்பதால் விறைப்பாக இருக்கிறது என்று இத்தனை நாளும் பெருமைப்பட்டிருந்தேன்.

அக்கா: பெருமையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரவச் சலவை சோப்பை எடு. சட்டையை நனைக்காதே, உலர்ந்த காலரின் மீதே சோப்பை நீர் கலக்காமல் தடவி, விரல்களால் மெல்லத் தேய்த்து அரை மணி நேரம் விட்டுவிடு. முதலிலேயே நனைத்துவிட்டால் சோப்பு நீர்த்துப்போய் எண்ணெயைப் பிடிக்கும் வலு குறைந்துவிடும்.

தம்பி: அரை மணி நேரம் சும்மா இருப்பதா? துணி துவைக்கும் கட்டையால் நான்கு அடி போட்டால் வேகமாக முடியுமே.

அக்கா: அடித்தால் முதலில் உயிரை விடுவது கறையல்ல, காலர் மடிப்பின் நூல். மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நூல் ஓடும் திசையில் மெதுவாகத் தேய்த்தால் போதும். பிறகு என்சைம் கலந்த சலவைத்தூளைக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் 1 மணி நேரம் ஊறவை. எண்ணெயையும் புரதத்தையும் சிறு துண்டுகளாக உடைப்பதுதான் என்சைமின் வேலை. சுமார் 40 டிகிரி சூடு அதற்கு ஏற்றது. கையை உள்ளே வைத்தால் இதமாக இருக்க வேண்டும், இழுத்துக்கொள்ளத் தோன்றக் கூடாது. கொதிநீரில் அது செத்துவிடும்.

தம்பி: அப்படியானால் நான் முதல் நாளே ஒரு படையையே கொன்றிருக்கிறேன்.

அக்கா: அலசிவிட்டுக் காலரைப் பார். ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே துணிக்குள் இறங்க வேண்டும். சொட்டு உருண்டு நின்றாலோ, தயங்கித் தயங்கி இறங்கினாலோ எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். அப்போது சோப்பு தடவுவதிலிருந்து மீண்டும் தொடங்கு. எண்ணெய் போகாத துணியில் அடுத்து எதைச் செய்தாலும் வீண்.

தம்பி: சொட்டு இறங்கிவிட்டது. ஆனால் அக்குள் இன்னும் விறைப்பாகவே இருக்கிறதே?

அக்கா: ஒரு பங்கு வெள்ளை வினிகரை நான்கு பங்கு நீரில் கலந்து அந்த இடத்தை மட்டும் அரை மணி நேரம் ஊறவிட்டு அலசு, அலுமினியப் படிவு ஓரளவு தளரும்.

தம்பி: மிச்சமிருக்கும் குளோரின் பிளீச்சையும் அதிலேயே கொஞ்சம் சேர்த்துவிட்டால்?

அக்கா: குளோரின் வாயு கிளம்பும். சட்டையை எடுக்க நீ இருக்க மாட்டாய். அந்த இரண்டையும் எந்நாளும் ஒன்றாகக் கலக்காதே. அந்தப் புட்டியை என்னிடம் கொடு.

தம்பி: கொடுத்துவிட்டேன். இனி நிறத்தை எடுப்பது யார்?

அக்கா: ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள். நீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடைத் தரும். பொட்டலத்தில் அச்சிட்ட அளவைப் பார்த்து வெதுவெதுப்பான நீரில் முழுதும் கரைத்து, துகள் எதுவும் மிதக்காதபோது சட்டையை மூழ்கவை. சிறு குமிழிகள் வந்தால் அது வேலை செய்கிறது. பருத்திச் சட்டைக்கு 4 முதல் 6 மணி நேரம் தேவைப்படலாம். அதற்குமேல் நீரின் வலு குன்றிவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது.

தம்பி: மிஞ்சும் நீரைப் புட்டியில் மூடி வைத்துக்கொண்டால் அடுத்த சட்டைக்கு ஆகும் அல்லவா?

அக்கா: ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும். இறுக மூடினால் அழுத்தம் ஏறி, நள்ளிரவில் புட்டி வெடித்து உன்னை எழுப்பும். சிக்கனத்தை வேறெங்காவது காட்டு.

தம்பி: வெயில் எப்போது வரும்? நான் காலையிலேயே காய வைக்கத் துடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா: நல்லவேளை, துடித்ததோடு நிறுத்திக்கொண்டாய். எண்ணெயோ சோப்போ இருக்கும் துணியை வெயிலில் போட்டால் மஞ்சள் முன்பைவிட ஏறும். சோப்பு நுரை கொஞ்சமும் வராதவரை அலசிய பிறகே வெயில். சட்டையை உள்புறம் வெளியாகத் திருப்பி, காலரை நிமிர்த்தி, அக்குள் மடிப்பு நேரே வெயிலைப் பார்க்கும்படி விரி. ஈரம் இருக்கும்போதுதான் புற ஊதாக் கதிர் மிச்ச நிறத்தை வெளுக்கும். காய்ந்தால் மீண்டும் நீர் தெளி. இரண்டு மூன்று மணி நேரம் போதும். நாள் முழுதும் விட்டால், சலவைத்தூள் விட்டுச்சென்ற வெண்மைப் பொருள் சிதைந்து சட்டை மங்கிவிடும்.

(மறுநாள் மாலை.)

தம்பி: காலர் அரிசி மாவு போல இருக்கிறது! ஆனால் அக்குளில் மட்டும் வெளிறிய பிறை நிலா ஒன்று தெரிகிறது.

அக்கா: அங்கேதானே நீ இஸ்திரியை வைத்து அழுத்தினாய். இன்னொரு சுற்று ஊறினால் இன்னும் குறையலாம். முழுதும் போய்விடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் அது போகும்வரை அந்த இடத்தில் இஸ்திரிச் சூடு படக் கூடாது.

தம்பி: கூட்டம் நாளைக் காலையில் என்பதால் இன்னொரு சுற்றுக்கு நேரமில்லை. நான் என்ன செய்வது?

அக்கா: காலரையும் முன்பக்கத்தையும் மட்டும் இஸ்திரி போட்டுக்கொள். கூட்டத்தில் கையைத் தூக்காதே.

தம்பி: சந்தேகம் இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று மேலாளர் சொன்னால்?

அக்கா: உனக்கு எல்லாமே புரிந்துவிட்டது.