8 அல்ல, 7.96

"மூன்று ஆண்டுக்கு 5, 7, 12 சதவீதம். கூட்டி வகுத்தால் 8. ஆக, இது 8 சதவீத டெபாசிட்தான்."

கோத்தகிரி அண்ணா, வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போகும்போது கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். ஒரு லட்சம் முதல் ஆண்டு முடிவில் 1,05,000, அடுத்து 1,12,350, கடைசியில் 1,25,832 ஆகிறது. 1.25832-இன் கனமூலம் ஏறக்குறைய 1.0796, அதாவது ஆண்டுக்கு 7.96 சதவீதம். நிலையான 8 என்றால் 1,25,971 வந்திருக்கும். 139 ரூபாய்தானே என்பீர்கள். விகிதங்கள் ஒன்றுக்கொன்று விலக விலக இந்தப் பள்ளம் பெரிதாகும்.

ஊட்டி நண்பரே, 12 முதலில் வந்தால் கூடுதலாகக் கிடைக்குமா என்றீர்கள். முதிர்வுவரை வைத்திருந்தால் எந்த வரிசையில் வந்தாலும் அதே தொகைதான். நடுவில் உடைத்தால்தான் வரிசை உதைக்கும்.

குன்னூர் அக்கா ஆண்டுதோறும் வட்டியை எடுத்துத் தேயிலைக்கு உரம் வாங்குகிறார். அவர் கைக்கு வருவது மொத்தம் 24,000. அங்கே மட்டும், கோத்தகிரி அண்ணா, உங்கள் 8 பொருந்தும்.