அந்தம்மா ஒரு தடவைதான் திரும்பினாங்க

சீரியல்ல தாம்பாளம் விழுற அந்த க்ளிப்தான் நேத்துல இருந்து எங்க பார்த்தாலும் மீமா ஓடுது. மாமியார் முகம் மூணு தடவை, டமார் டமார் டமார். மேல எழுத்துல "ரசத்துல உப்பு கம்மின்னு சொன்னப்போ". சிரிங்க, வேணாங்கல. ஆனா "என்னா ஓவர் ஆக்டிங்டா சாமி"ன்னு எழுதுறவங்க கொஞ்சம் நில்லுங்க. மாமியாரா நடிச்ச அந்தம்மா ஒரு தடவைதான் திரும்பினாங்க. மூணு தடவை திருப்புனது எடிட்டிங்.

நம்பலன்னா நிறுத்தி நிறுத்திப் பாருங்க. மூணு குளோசப்லயும் கண் ஒரே இடத்துல சிமிட்டும், நெத்தி முடி ஒரே மாதிரி விழுந்திருக்கும். அதே ஷாட்டைத்தான் மூணு தடவை ஒட்டி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெருசாக்கியிருக்காங்க. அதான் கடைசி முகம் லேசா மங்குது. நடுவுல ரெண்டு ஃப்ரேம் வெள்ளை ஃப்ளாஷ், மேல இடிச் சத்தம். வேலை முடிஞ்சுது. 2000-ல வந்த 'க்யூங்கி சாஸ் பி கபி பஹு தி' காலத்து இந்தி சீரியல்ல இருந்தே பழகின வித்தை இது.

"அந்த முழி அவங்க முழிதானே?"ம்பீங்க. ஆமா. எப்படி எடுக்கிறாங்க? பல நேரம் வசனமெல்லாம் முடிஞ்சப்புறம் ரியாக்‌ஷனைத் தனியா வரிசையா எடுப்பாங்க. "ஷாக்... அப்படியே இருங்க... இப்போ கோபம்." எதிர்ல மருமகள் இருக்க மாட்டாங்க, லைட் ஸ்டாண்டு இருக்கும். பார்வை சில சமயம் கோணலாப் போறது அதனாலதான். எந்த வசனத்துக்குப் பின்னாடி ஒட்டுவாங்கன்னு கூடத் தெரியாம நடிச்ச முகம் அது.

ஏன் ஒட்டுறாங்க? நேரத்தை நிரப்பணும். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் விளம்பரம்னு விதி. அரை மணி ஸ்லாட்ல போக மீதி 22, 24 நிமிஷத்துக்குத் தினமும் காட்சி வேணும். கூடத்துல ஏழு பேர் நிக்கிறாங்க, ஆளுக்கு 4 விநாடின்னா 28. வேகத்தைப் பாதியாக்குனா 56. ஒரு வரி வசனம் எழுதாம கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஓடிருச்சு. அடுப்படியில நிக்கிறவங்களும் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பாங்க.

"அப்போ கதையைச் சுருக்குங்களேன்"னா சேனல்கிட்டப் போய்ச் சொல்லுங்க. மீம்ல அசிங்கப்படுறது சேனல் மூஞ்சி இல்லையே. ஒரு தடவைதான் திரும்பினாங்க, மறுபடியும் சொல்றேன்.

தியேட்டர்ல ஹீரோ கார்ல இருந்து காலை வைக்கிறதை மூணு கோணத்துல, ஸ்லோமோஷன்ல காட்டுனா என்ன பண்றீங்க? விசில். அதே கத்திரி, அதே இடிச் சத்தம். அங்க மாஸ். இங்க ஒரு பொம்பளை முகம்னா "எங்க வீட்டு சனியனும் இப்படித்தான்".

"சும்மா ஜாலிக்குங்க"ன்னு கமெண்ட் வரும், தெரியும். அந்த க்ளிப்புக்குக் கீழே அந்தம்மா வயசையும் உடம்பையும் பத்தி எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டு வந்து சொல்லுங்க, பேசலாம்.